இணையத்தில் வருகைப்பதிவும் மதிப்பெண்ணும்: பெற்றோருக்குப் பள்ளி முதல்வர் எழுதும் கடிதம்

மாணவர்களின் வருகையையும் மதிப்பெண்ணையும் பெற்றோர் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளும் இணையதளத்தை ஒரு பள்ளி தொடங்கும்போது, அதைப் பற்றிப் பள்ளி முதல்வர் வீட்டுக்கு ஒரு கடிதம் அனுப்புவது வழக்கம். பெரும்பாலும் அது ஒரு பக்கக் கடிதம். தளத்தின் முகவரி, நுழையும் முறை, அதில் என்னென்ன தெரியும் என்ற பட்டியல், கீழே கையெழுத்து. இந்த அளவில் முடியும் கடிதம் பெற்றோருக்குப் பாதி உதவிதான் செய்கிறது. திரையில் தெரியும் எண் எங்கிருந்து வருகிறது, எப்போது மாறும், எதை அது குறிக்காது என்பவையும் கடிதத்தில் இருந்தால்தான் தளம் பயன்படும். தமிழ்நாட்டிலுள்ள ஒரு சிபிஎஸ்இ பள்ளியின் பத்தாம் வகுப்பை எடுத்துக்கொண்டால் இது தெளிவாக விளங்கும். அங்கே வருகை சதவீதத்துக்கும் உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணுக்கும் பொதுத்தேர்வோடு நேரடித் தொடர்பு உண்டு.

கடிதம் முதலில் சொல்ல வேண்டியது, தளம் தானாக எதையும் கண்டறிவதில்லை என்பது. வகுப்பாசிரியர் காலையில் பெயர் கூப்பிட்டு, வராதவர்களின் பெயரைக் கைபேசியிலோ கணினியிலோ தொடுகிறார். அவர் தொட்டதைத்தான் தளம் காட்டுகிறது. மதிப்பெண்ணும் அப்படியே. பாட ஆசிரியர் விடைத்தாளைத் திருத்தி, எண்ணைப் பதிவிடுகிறார். வகுப்பாசிரியர் சரிபார்க்கிறார். முதல்வரோ தேர்வுப் பொறுப்பாளரோ ஒப்புதல் தந்த பிறகுதான் பெற்றோரின் திரைக்கு அது வருகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் வந்துவிட்டது, நம் பிள்ளையுடையது வரவில்லை என்றால், பெரும்பாலும் ஒரு பிரிவின் ஒப்புதல் முடிந்து மற்றப் பிரிவினுடையது நிலுவையில் இருக்கிறது என்றுதான் பொருள். இந்த வரிசையைக் கடிதம் இரண்டு வரியில் சொல்லிவிட்டால், முடிவு வெளியாகும் நாளில் அலுவலகத் தொலைபேசி ஓயாமல் ஒலிப்பது குறையும்.

நுழையும் முறை அடுத்தது. பள்ளிப் பதிவில் உள்ள கைபேசி எண்ணைத் தட்டினால் ஓடிபி வரும். அதை இட்டால் திரை திறக்கும். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்தால், இருவருக்கும் ஒரே எண் பதிவாகியிருக்கும் வரை ஒரே நுழைவில் இருவரையும் பார்க்கலாம். அண்ணனுக்கு அப்பாவின் எண்ணும் தங்கைக்கு அம்மாவின் எண்ணும் கொடுத்திருந்தால், ஒரு கைபேசியில் ஒரு பிள்ளைதான் தெரியும். சேர்க்கையின்போது கொடுத்த எண்ணை இடையில் மாற்றிய குடும்பங்களுக்கு ஓடிபியே வராது. எனவே பதிவில் உள்ள எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை ஒவ்வொரு கடிதத்திலும் அச்சிட்டு அனுப்புவது நல்ல பழக்கம். தவறு இருந்தால் பெற்றோர் அன்றே சொல்லிவிடலாம்.

சில பள்ளிகள் ஓடிபிக்குப் பதிலாகச் சேர்க்கை எண்ணையும், கடவுச்சொல்லாகப் பிறந்த தேதியையும் தருகின்றன. வகுப்புத் தோழர்கள் எல்லோருக்கும் தெரிந்த தேதி அது. முதல் முறை நுழைந்தவுடன் அதை மாற்றச் சொல்வது கடிதத்தின் கடமை. மாற்றாமல் நுழையவே முடியாதபடி தளத்தை அமைப்பது அதைவிடப் பாதுகாப்பானது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பெற்றோர் எண் கேட்ட இடத்தில், வீட்டில் கைபேசி பிள்ளையின் கையில்தான் இருக்கும் என்பதால், பிள்ளை பயன்படுத்தும் எண்ணையே கொடுத்திருப்பார்கள். அப்போது "இன்று வரவில்லை" என்ற செய்தி, வராத பிள்ளைக்கே போய்ச் சேரும். வேலைக்குப் போகும் பெற்றோரின் எண் எதுவோ அதைத்தான் முதல் எண்ணாகத் தர வேண்டும் என்று கடிதம் வெளிப்படையாகக் கேட்பதில் தவறில்லை.

தளம் செய்யும் வேலைகளில் பெற்றோருக்கு உடனடியாகப் பயன்படுவது இந்த வராமைச் செய்திதான். வீட்டிலிருந்து புறப்பட்ட பிள்ளை பள்ளிக்கு வந்து சேரவில்லை என்பதை அன்று காலையிலேயே அது சொல்லிவிடும். ஆனால் வருகை எடுத்த நொடியில் செய்தியை அனுப்பக் கூடாது. மணி 9.00க்குப் பெயர் கூப்பிட்டு, 9.05க்குச் செய்தி போனால், பேருந்து தாமதமாகி 9.20க்கு வந்து சேரும் பிள்ளைகளின் வீடுகளிலெல்லாம் வீண் கலக்கம் ஏற்படும். அதனால் தாமதமாக வருபவர்களின் பெயரை எழுதும் நோட்டை மூடிய பிறகு, 10.00 மணியளவில் செய்தி போகும்படி அமைப்பது நடைமுறைக்கு ஒத்தது. கடிதத்தில் அந்தப் பகுதி ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"உங்கள் பிள்ளை காலையில் வகுப்பில் இல்லையென்றால் 10.00 மணி முதல் 10.15க்குள் உங்கள் கைபேசிக்கு எஸ்எம்எஸ் வரும். வீட்டிலிருந்து புறப்பட்ட பிள்ளையைப் பற்றி இப்படிச் செய்தி வந்தால், தயவுசெய்து தளத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே பள்ளி அலுவலகத்தை அழையுங்கள். வகுப்புக்கு ஆள் அனுப்பிப் பார்த்துச் சொல்வோம். செய்தி வரவில்லை என்பதை மட்டும் வைத்துப் பிள்ளை பள்ளியில் இருப்பதாக முடிவு செய்துவிட வேண்டாம்."

கடைசி வாக்கியத்தை மற்ற எல்லாவற்றையும்விட அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கைபேசி அணைந்திருக்கலாம், சமிக்ஞை இல்லாமல் போகலாம், ஆசிரியர் அன்று பதிவிட மறந்திருக்கலாம். மறந்தால் என்ன தெரியும் என்பது மென்பொருளைப் பொறுத்தது. சில மென்பொருள்களில் எல்லோரும் வந்ததாக முதலிலேயே குறிக்கப்பட்டிருக்கும்; ஆசிரியர் வராதவர்களை மட்டும் மாற்றுவார். அவர் அன்று திறக்கவே இல்லையென்றால்கூட முழு வகுப்பும் வந்ததாகத் திரை காட்டும். நல்ல அமைப்பில், ஆசிரியர் சேமிக்கும் வரை "பதிவு செய்யப்படவில்லை" என்று இருக்கும். சேமித்த நேரமும் பக்கத்தில் தெரியும். பெற்றோர் பார்க்க வேண்டியது அந்த நேரத்தை. இன்றைய தேதிக்குப் பதிவான நேரம் இல்லையென்றால், இன்றைய வருகை இன்னும் எடுக்கப்படவில்லை என்று கொள்ள வேண்டும்.

செய்தியின் வாசகம் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதற்கும் காரணம் உண்டு. இந்தியாவில் மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் எந்த நிறுவனமும், டிராய் விதிகளின்படி, அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பெயர், தேதி போன்ற சில இடங்கள் மட்டுமே மாறும். பெற்றோருக்கு இதில் ஒரு நன்மை உண்டு. பள்ளியின் செய்தி எந்த அனுப்புநர் பெயரில் வரும் என்பதைக் கடிதத்தில் அச்சிட்டுவிட்டால், சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து "மதிப்பெண் பார்க்க இந்த இணைப்பைத் தொடவும்" என்று வரும் மோசடிச் செய்தியை உடனே அடையாளம் காணலாம். பள்ளியிலிருந்து யாரும் தொலைபேசியில் ஓடிபி கேட்க மாட்டார்கள் என்ற வரியும் அதன் அருகிலேயே வர வேண்டும்.

இனி சதவீதம். தளத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் தெரிவதும், அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். திரையில் 75க்குக் கீழே சிவப்பில் ஓர் எண் வந்தால், தேர்வு எழுத முடியாதோ என்று வீடு கலங்கும். 78 என்று வந்தால் இனிக் கவலையில்லை என்று தோன்றும். இரண்டும் சரியல்ல. திரையில் தெரிவது இன்று வரை நடந்த வேலைநாட்களில் எத்தனை நாள் வந்தார் என்பது மட்டுமே. கல்வியாண்டு தொடங்கிப் பத்தே நாளில் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தால் 80 சதவீதம் என்று காட்டும். அதே இரண்டு நாள் விடுப்பு நூறு நாட்களின் முடிவில் 98 ஆகிவிடும்.

ஒரு மாணவியின் கணக்கைப் பார்க்கலாம். செப்டம்பர் முடிய 100 வேலைநாட்கள் நடந்திருக்கின்றன. டைபாய்டு வந்து நீண்ட நாள் வீட்டில் இருந்ததால் அவர் வந்தது 72 நாட்கள். திரையில் 72 சதவீதம். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் வருகைக் குறைவை ஜனவரி 1 நிலவரப்படி கணக்கிடுமாறு வாரியம் பள்ளிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அந்தத் தேதி வரை இந்தப் பள்ளியின் நாட்காட்டியில் மொத்தம் 160 வேலைநாட்கள் என்று வைத்துக்கொள்வோம். 160இல் 75 சதவீதம் 120 நாட்கள். 72 நாட்கள் கையில் இருப்பதால் இன்னும் 48 நாட்கள் வேண்டும். மீதமிருக்கும் வேலைநாட்கள் 60. ஆக, இனி 12 நாட்களுக்கு மேல் விடுப்பு எடுக்க இடமில்லை. பெற்றோருக்கு வேண்டிய எண் இந்த 12தான். 72 என்ற எண்ணால் அவர்கள் செய்யக்கூடியது எதுவுமில்லை. தளம் தானே இதைக் காட்டினால் நல்லது. காட்டாவிட்டால், தேர்வு வகுப்புப் பெற்றோருக்கு எழுதும் கடிதத்தில் கணக்கிடும் முறையையும், ஜனவரி 1 வரையிலான வேலைநாட்களின் எண்ணிக்கையையும் கொடுத்துவிட வேண்டும்.

காலை, மாலை என்று இரு வேளையும் வருகை எடுக்கும் பள்ளிகளில் ஒரு வேளை வராவிட்டால் அரை நாள் குறையும். மதியம் பல் மருத்துவரிடம் போவதற்காக மாதம் இருமுறை சீக்கிரம் அழைத்துச் சென்றால், மாதத்துக்கு ஒரு நாள் போய்விடுகிறது. பெற்றோரின் மனக்கணக்குக்கும் திரையின் கணக்குக்கும் வேறுபாடு வருவதற்குப் பெரும்பாலும் இந்த அரை நாட்களே காரணம்.

அனுமதி பெற்ற விடுப்பு இன்னொரு குழப்பம். தளத்திலேயே விடுப்பு விண்ணப்பம் அனுப்பலாம், மருத்துவச் சான்றைப் படம் எடுத்து இணைக்கலாம், "ஏற்கப்பட்டது" என்று பதிலும் வரும். அந்த நாட்கள் வருகையாகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆகவில்லை. விடுப்பு ஏற்கப்பட்டதென்றால், காரணம் தெரிவிக்காமல் வராமல் இருந்தவர் என்ற பெயர் இல்லை என்பதே பொருள். நாள் கணக்கில் அது வராத நாள்தான். கடும் நோய், பெற்றோரின் மரணம், தேசிய அளவிலான விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்கு வருகைக் குறைவைப் பொறுத்தருளும் அதிகாரம் வாரியத்துக்கு மட்டுமே உண்டு. பள்ளி முதல்வருக்கு இல்லை. உரிய சான்றுகளோடு பள்ளி பரிந்துரைக்கத்தான் முடியும். அதற்காகவே விடுப்பு எடுத்த அந்த வாரத்திலேயே சான்றைத் தளத்தில் ஏற்றி வைப்பது உதவும். தேர்வு நெருங்கும்போது ஏப்ரல் மாத மருத்துவச் சீட்டைத் தேடி அலைவதை அது தவிர்க்கும். டைபாய்டு வந்த மாணவியின் வீட்டார் செய்ய வேண்டியதும் அதுதான். மூல ஆவணத்தையும் வைத்திருக்க வேண்டும்.

பள்ளியின் சார்பாகப் போட்டிக்குப் போன நாட்கள் வேறு வகை. அவற்றைப் பள்ளி பணிநிமித்தம் என்று குறித்து வருகையோடு சேர்ப்பது வழக்கம். வகுப்பாசிரியருக்கு உடற்கல்வி ஆசிரியரின் பட்டியல் தாமதமாக வந்தால், அன்று வராதவர் என்றே பதிவாகியிருக்கும். நமது எடுத்துக்காட்டு மாணவி மாவட்டக் கபடிப் போட்டிக்காகப் போன மூன்று நாட்கள் இப்படித் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால், திருத்திய பிறகு 72 நாட்கள் 75 ஆகும். மீதியுள்ள விடுப்பு 12 நாட்களிலிருந்து 15 ஆக உயரும். நாள்வாரிப் பட்டியலைத் திறந்து மாதம் ஒருமுறை பார்த்தால் இப்படிப்பட்ட பிழைகள் கண்ணில் படும். மொத்தச் சதவீதத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

மதிப்பெண் பக்கத்தில் உள்ள சிக்கல் வேறு விதம். அங்கே ஒரே தேர்வுக்கு இரண்டு எண்கள் தெரியலாம்: விடைத்தாளில் வாங்கியது ஒன்று, குறைத்துக் கணக்கிட்டது மற்றொன்று. பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு முதன்மைப் பாடத்துக்கும் 80 மதிப்பெண் ஆண்டுத் தேர்வுக்கும் 20 மதிப்பெண் உள்மதிப்பீட்டுக்கும். அந்த 20இல் பருவத் தேர்வுகளுக்கு 5 மதிப்பெண். மூன்று பருவத் தேர்வுகளில் சிறந்த இரண்டின் சராசரியே அந்த 5க்குக் கணக்காகிறது. மீதி 15 மதிப்பெண் பலவகை மதிப்பீடு, தொகுப்பேடு, பாடச் செறிவூட்டல் ஆகியவற்றுக்கு ஐந்தைந்தாகப் பிரிகிறது.

அதே மாணவி அறிவியலில் முதல் பருவத் தேர்வில் 40க்கு 28 வாங்கினார். இரண்டாவது தேர்வின்போது காய்ச்சல், எழுதவில்லை. மூன்றாவதில் 40க்கு 34. சிறந்த இரண்டு என்ற முறைப்படி 70 சதவீதமும் 85 சதவீதமும் சேர்ந்து சராசரி 77.5. ஐந்துக்கு மாற்றினால் 3.875, முழு எண்ணாக்கினால் 4. தளத்தை அமைத்தவர் மூன்றின் சராசரி என்று தவறாக வைத்திருந்து, எழுதாத தேர்வுக்குப் பூஜ்யமும் ஏறியிருந்தால் சராசரி 51.67 ஆக இறங்கி, ஐந்துக்கு 2.58 வரும், முழு எண்ணாக 3. ஒரு பாடத்தில் ஒரு மதிப்பெண் இப்படி யாருக்கும் தெரியாமல் போகும். அமைப்பில் உள்ள தவறு என்பதால், தேர்வைத் தவறவிட்ட எல்லா மாணவருக்கும் இது நடக்கும்.

எனவே திரையில் எழுதாத தேர்வுக்கு எதிரே என்ன இருக்கிறது என்பதைப் பெற்றோர் பார்க்க வேண்டும். AB என்றிருந்தால் தேர்வுக்கு வரவில்லை என்று பொருள். 0 என்றிருந்தால் எழுதி, ஒன்றும் வாங்கவில்லை என்று பொருள். வெறும் கோடு இருந்தால் இன்னும் பதிவிடவில்லை. மூன்றையும் தனித்தனியாக விளக்கும் ஒரு வரி கடிதத்தில் இருந்தால் போதும். பெற்றோரே தவறைப் பிடித்துவிடுவார்கள்.

தளத்தில் தெரியும் மதிப்பெண்ணிலிருந்து பிள்ளை எங்கே தடுமாறியது என்பது தெரியாது. 40க்கு 28 என்ற எண், மின்சாரப் பாடக் கணக்குகள் வரவில்லையா, படம் வரைந்து பாகம் குறிக்கவில்லையா, நேரம் போதவில்லையா என்று சொல்லாது. அதற்கு விடைத்தாள்தான் வேண்டும். எண் திரையிலேயே தெரிகிறதே என்று சில பள்ளிகள் விடைத்தாளை வீட்டுக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொள்கின்றன. அது வருந்தத்தக்கது. விடைத்தாள் எந்த நாளில் வீட்டுக்கு வரும், எந்த நாளுக்குள் கையெழுத்திட்டுத் திருப்ப வேண்டும் என்பதும் இந்தக் கடிதத்திலேயே இடம்பெற வேண்டும்.

தவறைத் திருத்தும் வழி கடிதத்தின் கட்டாயப் பகுதி. பெற்றோர் யாரிடம் சொல்ல வேண்டும், எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், யார் முடிவு செய்வார் ஆகிய மூன்றுக்கும் விடை வேண்டும். வகுப்பாசிரியர் தாமே பதிவை மாற்றும் உரிமையைப் பல தளங்கள் சில நாட்களோடு நிறுத்திவிடுகின்றன. பிறகு நிர்வாகியின் அனுமதி தேவை. இது ஆசிரியர் மேல் உள்ள அவநம்பிக்கை அல்ல. யார், எப்போது, எதை எதுவாக மாற்றினார் என்ற தடம் இருந்தால்தான் பின்னாளில் தகராறு வந்தாலும் பள்ளி பதில் சொல்ல முடியும். உள்மதிப்பீட்டுக்கு ஓர் இறுதி வரம்பும் இருக்கிறது. பொதுத்தேர்வுக்கு முன் அந்த மதிப்பெண்ணைப் பள்ளி வாரியத்தின் தளத்தில் ஏற்றிவிட்டால், அதன் பிறகு மாற்ற வாரியம் இடம் தருவதில்லை. ஆகவே பள்ளித் தளத்தில் தெரிவதைச் சரிபார்த்துச் சொல்லக் கடைசி நாள் எது என்பதைத் தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும்.

ஒரு பிள்ளையின் விவரத்தை யார் பார்க்கலாம் என்ற கேள்விக்கும் கடிதம் பதில் சொல்ல வேண்டும். பெற்றோருக்குத் தம் பிள்ளையின் பக்கம் மட்டும், பாட ஆசிரியருக்குத் தம் பாடம், வகுப்பாசிரியருக்குத் தம் வகுப்பு, முதல்வருக்கு எல்லாம். தளத்தை நடத்துவது பெரும்பாலும் வெளி நிறுவனம் என்பதையும், அதனிடம் என்னென்ன விவரம் போகிறது என்பதையும் மறைக்காமல் சொல்வதே முறை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைச் சிறாராகக் கருதுகிறது. அவர்களது விவரத்தைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. கல்விப் பணிக்காகவும் பாதுகாப்புக்காகவும் பள்ளிகளுக்குச் சில தளர்வுகளை விதிகள் தருகின்றன. வருகைச் செயலியில் டியூஷன் விளம்பரம் தெரிந்தால் பெற்றோர் அதைப் பள்ளியிடம் கேட்பதற்கு முழு நியாயம் உண்டு.

ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளை விட்டுவிட்டு இந்த ஏற்பாடு நிறைவடையாது. வராமைச் செய்தி எஸ்எம்எஸ் என்பதால் சாதாரணக் கைபேசிக்கும் வரும். தமிழ் எழுத்தைக் காட்டாத பழைய கருவியாக இருந்தால், செய்தி கட்டம் கட்டமாகத் தெரியும். அந்த வீடுகளுக்குப் பதிவு செய்த குரலில் அழைப்பு அனுப்பலாம். எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கும் அதுவே பொருத்தம். மதிப்பெண்ணும் வருகையும் அச்சிட்ட தாளாக ஒவ்வொரு பருவத்திலும் தொடர்ந்து கிடைக்கும் என்றும், கேட்டால் அலுவலகத்தில் திரையைத் திறந்து காட்டுவார்கள் என்றும், எந்த நாள் எந்த நேரத்தில் வரலாம் என்றும் கடிதத்தின் கடைசிப் பத்தியில் குறிப்பிடுவது வழக்கமாக வேண்டும். தினக்கூலிக்குப் போகும் பெற்றோர் வர ஏதுவாக அந்த நேரம் சனிக்கிழமையிலோ மாலை ஐந்து மணிக்குப் பிறகோ இருக்க வேண்டும்.